தூக்குத் தண்டனை: எங்கள் ஊர் மண்டபத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்தில் 27 ஆண்டுகள் குமாஸ்தாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் சட்டம் பற்றிய பேச்சு எழும்போது, செம்பனைத் தோட்டத்திலிருந்து வருகிறவர்களும் தாமான் வீடுகளிலிருந்து வருகிறவர்களும் கேட்கும் கேள்விகளில் மரண தண்டனையைப் பற்றியவையே அதிகம். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தந்து, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன்.

நாட்டில் தூக்கை எடுத்துவிட்டார்களாமே, உண்மையா?

தூக்கு எடுபடவில்லை, அதன் கட்டாயம்தான் எடுபட்டது. 2023 ஜூலை 4 வரை, ஒருவர் கொலை செய்தார் என்று தீர்ப்பானால், நீதிபதி மனத்தளவில் என்ன நினைத்தாலும் தூக்கைத் தவிர வேறு தண்டனை விதிக்க அவருக்கு வழியில்லை. இப்போது அவர் தூக்கும் விதிக்கலாம், 30 முதல் 40 ஆண்டு வரையிலான சிறையும் விதிக்கலாம். போதைப்பொருள் கடத்தலில் தூக்கு அல்லது ஆயுள் சிறை, அதாவது 30 ஆண்டுகள். தூக்கிலிருந்து தப்பியவருக்கு 12க்குக் குறையாத ரோத்தான் பிரம்படி உண்டு. பெண்களுக்கும் 50 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் அந்த அடி இல்லை. 2018 முதல் தூக்கிலிடுவது நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் நிறுத்திவைப்பது அரசின் முடிவு, சட்டமன்று என்பதால், இன்னோர் அரசு வந்து அதை மாற்றினால் தடுக்கச் சட்டத்தில் ஒன்றும் இல்லை.

களையைப் பிடுங்கினால்தானே பயிர் வளரும்? உயிரை எடுத்தவனை உயிரோடு விட்டால் அது என்ன நியாயம்?

மரண தண்டனைக்கு ஆதரவான வாதங்களில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். மகனைப் பறிகொடுத்த தாயிடம் போய்ப் பழிவாங்கும் எண்ணம் தவறு என்று போதிக்க எனக்கு நாக்கு வராது. குற்றத்துக்கு ஏற்ற கூலி என்ற எண்ணம் இல்லாவிட்டால் தண்டனை என்ற சொல்லுக்கே பொருளில்லை; திருடியவனையும் கொன்றவனையும் வேறுபடுத்துவதே அந்த எண்ணம்தான்.

ஆனால் அந்த வாதத்தை அதன் முடிவுவரை கொண்டுசெல்ல வேண்டும். ஏற்ற கூலி என்றால், குற்றம் எவ்வளவோ தண்டனையும் அவ்வளவே இருக்க வேண்டும், கூடவும் கூடாது. பழைய கட்டாயச் சட்டம் இதைத்தான் மீறியது. கூலிக்கு ஆள் வைத்துத் திட்டமிட்டுக் கொன்றவனும், பல ஆண்டுகள் அடிவாங்கிய பிறகு ஒரு நாள் பாராங்கத்தியை எடுத்தவளும், சட்டம் சொல்லும் கோபமூட்டல் விதிவிலக்குக்குள் அவள் வராவிட்டால், ஒரே கயிற்றுக்குத்தான் போனார்கள். களை என்கிறோம்; தோட்டத்தில் மருந்தடித்தவர்களுக்குத் தெரியும், எது களை என்று பார்த்தறிந்த பிறகே பம்பின் பிடியை அழுத்துவார்கள். நீதிபதிக்கு அப்படிப் பார்க்கும் உரிமையே இருக்கவில்லை.

கொலையை விடுங்கள், ஐயா. போதைப்பொருள் விற்பவன் நூறு குடும்பத்தைக் கொல்கிறானே?

எங்கள் வீதியிலேயே ஷாபுவால் கெட்டுப்போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், ஆகவே அந்தக் கோபம் எனக்கு அயலானதன்று. ஆனால் தூக்குமேடைக்குப் போனவர்களில் அந்த நூறு குடும்பத்தையும் கெடுத்தவன் எத்தனை பேர்? சரக்கை வாங்கி, பணத்தைக் கணக்குப் பார்த்து, வீட்டில் உட்கார்ந்திருப்பவன் கையில் பை இருப்பதில்லை. பை இருப்பது சுமப்பவன் கையில்.

1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தில் ஹெரோயினுக்கு எல்லை 15 கிராம், ஷாபுவுக்கு 50 கிராம், கஞ்சாவுக்கு 200 கிராம். அந்த அளவை எட்டினால் கடத்தல் என்றே சட்டம் கொள்ளும். நகைக்கடைக் கணக்கில் சொன்னால், 15 கிராம் என்பது இரண்டு பவுனுக்கு ஒரு கிராம் குறைவு. அதுவும் பொட்டலத்தின் எடையன்று. வேதியியல் துறை ஆய்வு செய்து, கலப்படத்தைக் கழித்துக் காட்டும் தூய பொருளின் எடை. ஒரு கிராம் கூடினாலும் குறைந்தாலும் பை சுமந்தவனின் குற்ற நோக்கத்திலோ அவன் செய்த தீங்கிலோ வேறுபாடு இல்லை. தண்டனையில் மட்டும் 2023 வரை உயிருக்கும் சிறைக்கும் இடைப்பட்ட வேறுபாடு இருந்தது. ஏற்ற கூலி என்ற வாதம் தராசின் முள்ளுக்கு இப்படிக் கட்டுப்படுவதை அதன் ஆதரவாளர்களே ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து.

தூக்கு இருந்தால் பயம் இருக்கும், பயம் இருந்தால் குற்றம் குறையும், அவ்வளவுதானே?

இப்படி நடந்ததா என்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஹாங்காங் கடைசியாக 1966இல் தூக்கிலிட்டது, 1993இல் சட்டத்திலிருந்தே நீக்கியது. சிங்கப்பூர் தூக்கைத் தொடர்ந்தது. இரண்டும் மக்கள் நெருக்கமான பெரிய துறைமுக நகரங்கள். அவற்றின் கொலைக் கணக்கை 2010இல் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், இரண்டிலும் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரே போக்கில் சென்றதைக் கண்டார்கள். அமெரிக்காவில் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 2012இல் வெளியிட்ட அறிக்கை, மரண தண்டனை கொலையைக் குறைக்கிறதா கூட்டுகிறதா என்று முடிவு கட்ட அதுவரை வந்த ஆய்வுகள் உதவா என்றது. தூக்கு பயமுறுத்தவே இல்லை என்று அது சொல்லவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பயமுறுத்துகிறது என்பது நிறுவப்படவில்லை, அவ்வளவுதான்.

எனக்குப் புள்ளிவிவரத்தைவிடப் புரிவது ஆள். ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கம் 2009இல் 42.72 கிராம் ஹெரோயினைத் தொடையில் கட்டிக்கொண்டு சிங்கப்பூர் எல்லையில் பிடிபட்டார். 2022 ஏப்ரல் 27 அன்று அங்கு தூக்கிலிடப்பட்டார். அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று மருத்துவ மதிப்பீடு இருந்தது. தூக்கு உண்டு என்ற அறிவிப்பு எல்லையில் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும் நாடு அது. பயம் வேலை செய்ய, பயப்பட வேண்டியவர் வரப்போகும் ஆபத்தை எடைபோட வேண்டும், பிடிபடுவோம் என்று நம்ப வேண்டும், கடனோ மிரட்டலோ அதைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. பை சுமக்க ஆள் தேடுகிறவன், இந்த மூன்றும் இல்லாத ஒருவனைத்தான் தேடுகிறான்.

நம் நாட்டில் மூன்று நீதிமன்றங்கள் பார்க்கின்றனவே, தவறு எப்படி நடக்கும்?

மூன்று நீதிமன்றங்கள் உண்டு என்பது சரி, ஆனால் சாட்சிகளை நேரில் கேட்பது முதல் நீதிமன்றம் மட்டும். ஜூரி முறை 1995இல் நீங்கியபின் அங்கு கேட்பவரும் ஒரே நீதிபதி. மேலே இருப்பவர்கள் படிப்பது எழுத்தில் வந்ததைத்தான். ஜப்பானில் இவாவோ ஹக்கமாடா 1968இல் மரண தண்டனை பெற்றார், உச்ச நீதிமன்றம் 1980இல் உறுதி செய்தது. 2024 செப்டம்பரில்தான் அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பானது. கொலை நடந்து ஓராண்டுக்கு மேல் கழித்து மிசோ என்ற சோயா விழுது ஊறும் தொட்டியில் "கண்டெடுக்கப்பட்ட" இரத்தக்கறை ஆடைகள் புலன் விசாரித்தவர்கள் உருவாக்கிய சான்று என்று நீதிமன்றமே சொன்னது.

ஆனால் நம் நாட்டின் பிரச்சினை வேறு விதமானது. இங்கு தவறு மனிதர்களின் பொய்யால் மட்டும் வரவில்லை. சட்டமே ஒரு பகுதியை எழுதிக் கொடுத்திருந்தது. ஒரு வழக்கைக் கற்பனை செய்து அடியடியாகக் காட்டுகிறேன்.

23 வயதுப் பையன், தொழிற்சாலையில் இரவு வேலை. நண்பனின் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கி ஈப்போவுக்குப் போகும் வழியில் போலீஸ் தடுப்பில் நிறுத்தப்படுகிறான். சீட்டைத் தூக்கினால், அடியில் உள்ள பெட்டிக்குள் துணியில் சுற்றிய நான்கு பொட்டலங்கள். வேதியியல் துறையின் அறிக்கை, தூய ஷாபு 52 கிராம் என்கிறது.

சட்டத்தின் 37(டி) பிரிவின்படி, போதைப்பொருள் உள்ள எந்தப் பொருளும் ஒருவரின் கட்டுப்பாட்டில் இருந்தால், அதை அவர் வைத்திருந்தார் என்றும் அது என்னவென்று அறிந்திருந்தார் என்றும் கொள்ள வேண்டும், மறுத்து நிரூபிக்கும்வரை. மோட்டார் இவன் கட்டுப்பாட்டில் இருந்தது. ஆகவே பொட்டலத்தைப் பற்றி இவனுக்குத் தெரியும். அடுத்து 37(டிஏ) பிரிவு, 50 கிராமுக்குக் குறையாமல் ஷாபு வைத்திருப்பவர் கடத்துகிறவர் என்று கொள்ள வேண்டும் என்கிறது. ஆகவே இவன் கடத்தல்காரன். கடத்தலுக்கு அன்று ஒரே தண்டனை, தூக்கு. இந்த வரிசையில் அரசுத் தரப்பு உண்மையில் நிரூபித்தது, மோட்டாரை இவன் ஓட்டினான், அதில் பொட்டலம் இருந்தது என்ற இரண்டே செய்தி. தெரியும், கடத்தினான் என்ற மற்ற இரண்டும் அனுமானத்தின் மேல் அனுமானம். வீட்டுக்கு அடித்தளம் இல்லாமல் மாடியைக் கட்டியது போலாகிவிட்டது.

இதற்கு எதிராக அவன் நிரூபிக்க வேண்டியது, தனக்குத் தெரியாது என்பதை. நடக்காத ஒன்றை ஒருவன் எப்படி நிரூபிப்பான் என்று என் வழக்கறிஞர் மேசைக்கு முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த தகப்பன்மார் பலர்.

தெரியாதென்றால் அப்போதே சொல்லிவிட வேண்டியதுதானே? ஏன் பிறகு கதை கட்டுகிறார்கள்?

பயம்தான் காரணம், அதோடு அறியாமை. அந்தப் பையன் பிடிபட்ட இரவில் "எனக்குத் தெரியாது" என்று மட்டும் சொல்கிறான். மோட்டாரைத் தந்த நண்பனின் பெயரைச் சொன்னால் தன் தங்கைக்கு ஆபத்து என்று நினைக்கிறான். ஓராண்டு கழித்து நீதிமன்றத்தில் பெயரைச் சொன்னால், அது பின்னால் கட்டிய கதை என்று அரசுத் தரப்பு எழுந்து சொல்லும், நீதிபதியும் பெரும்பாலும் ஒப்புவார்.

வழக்கறிஞர்கள் இதற்கு 'அல்கந்தாரா நோட்டீஸ்' என்ற பெயர் வைத்திருக்கிறார்கள், நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 1990களில் தீர்த்த ஒரு வழக்கின் பெயரால். சரக்கு இன்னாருடையது என்று குற்றம் சாட்டப்பட்டவர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், அந்த இன்னாரைத் தேடி விசாரிப்பது போலீஸின் பொறுப்பு. விசாரிக்காமல் விட்டால் சந்தேகம் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமாகும். ஆகவே பெயர், முகவரி, கைப்பேசி எண், மோட்டாரை எந்த இடத்தில் எத்தனை மணிக்குக் கொடுத்தார் என்பவை முதல் வாக்குமூலத்திலேயே இருக்க வேண்டும். இதை அறிந்தவன் அந்த இரவில் சொல்வான், அறியாதவன் சொல்ல மாட்டான். இருவரில் ஒருவன் பிழைப்பதும் மற்றவன் தொங்குவதும் குற்றத்தைப் பொறுத்தன்று, சட்ட ஞானத்தைப் பொறுத்தது.

பொட்டலத்தின் பயணத்தையும் பார்க்க வேண்டும். கைப்பற்றிய அதிகாரி குறியிட்டு, முத்திரையிட்டு, எடைபோட்டு, பெட்டகத்தில் வைத்து, வேதியியல் துறையிடம் ஒப்படைத்து, திரும்ப வாங்கும் ஒவ்வொரு கைமாற்றமும் எழுத்தில் இருக்க வேண்டும். நிலையத்தில் மொத்த எடை 71 கிராம் என்றும் வேதியியலாளரிடம் 63 என்றும் இருந்து, பிளாஸ்டிக்கின் எடையைக் கொண்டு அந்த வேறுபாட்டை விளக்க முடியாவிட்டால், ஆய்வு செய்தது அதே பொட்டலம்தானா என்ற கேள்வி எழும். இப்படிப்பட்ட ஓட்டையில் விடுதலையானவர்களை நான் அறிவேன். அதே ஓட்டை யாரும் கவனிக்காமல் போன கோப்புகளும் இருந்திருக்கும் என்ற எண்ணம்தான் என்னை உறங்க விடாதது.

அந்த இரட்டை அனுமானம் இன்னும் இருக்கிறதா?

இல்லை, ஆனால் அது போன வழி நேர்க்கோடு அன்று. 1998இல் கூட்டரசு நீதிமன்றம், ஓர் அனுமானத்தின் மேல் இன்னொன்றை ஏற்றுவது குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொடுமையானது என்று சொல்லித் தடுத்தது. 2014இல் நாடாளுமன்றம் 37ஏ என்ற புதுப் பிரிவைச் சேர்த்து அந்தத் தடையைத் தாண்டியது. 2019 ஏப்ரல் 5 அன்று அல்மா நுடோ அதென்சா வழக்கில், தலைமை நீதிபதி ரிச்சர்ட் மலாஞ்சும் தலைமையிலான ஒன்பது நீதிபதிகள், அந்தப் பிரிவு அரசமைப்பின் 5, 8ஆம் விதிகளுக்கு முரணானது என்று நீக்கினார்கள். மேல்முறையீடு செய்த இருவரின் கடத்தல் குற்றம், வைத்திருந்த குற்றமாக மாற்றப்பட்டது.

இன்று ஓர் அனுமானத்தை மட்டும் பயன்படுத்தலாம். நம் கற்பனைப் பையனின் வழக்கில், பொட்டலம் இருப்பதும் அது இன்னதென்பதும் அவனுக்குத் தெரியும் என்பதை அரசுத் தரப்பு சான்றோடு காட்ட வேண்டும். ஓடப் பார்த்தானா, செய்திகள் அனுப்பினானா, பெட்டியின் சாவி யாரிடம் இருந்தது என்பனவெல்லாம் அப்போது பொருள் பெறும். 2014க்கும் 2019க்கும் இடையில் அந்தப் பிரிவின்கீழ் தண்டனை பெற்றவர் தூக்கிலிடப்பட்டிருந்தால், இந்தத் தீர்ப்பை அவரிடம் போய் வாசித்துக் காட்ட முடியுமா?

எஸ்.ஏ. கணபதியைத் தூக்கிலிட்டதைத் தாத்தா அடிக்கடி சொல்வார். அதுவும் இதுவும் ஒன்றா?

ஒன்றன்று, ஆனால் உறவினர்கள். பிரிட்டிஷ் ஆட்சிக் கால அவசரகாலச் சட்டத்தில் அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தாலே மரணம். தொழிற்சங்கத் தலைவர் கணபதி 1949 மார்ச் 1 அன்று ரவாங் அருகே ஒரு கைத்துப்பாக்கியோடு பிடிபட்டார். அதைக் கண்டெடுத்துப் போலீஸில் ஒப்படைக்கப் போனதாக அவர் சொன்னார். மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். பிடித்ததிலிருந்து கயிறுவரை இரண்டே மாதங்கள். அவர் சொன்னது உண்மையா பொய்யா என்று என்னால் தீர்ப்பளிக்க முடியாது. ஆனால் வைத்திருந்ததையே குற்றமாக்கி, ஏன் வைத்திருந்தார் என்பதைப் பின்னுக்குத் தள்ளும் சட்டத்தில் ஓர் உண்மையான விளக்கமும் ஒரு பொய்யான விளக்கமும் ஒரே எடைதான் பெறும். அவசரகாலம் நம் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் துரைகள் கொல்லப்பட்டதிலிருந்துதான் தொடங்கியது என்பதால், தாத்தாமார்களுக்கு இந்தக் கதை செய்தித்தாள் செய்தியன்று.

அடுத்தவன் உயிரை மதிக்காதவனுக்கு என்ன மனித மாண்பு?

மாண்பு நல்ல நடத்தைக்குக் கிடைக்கும் பரிசு என்றால், கேள்வி சரி. மனிதனாகப் பிறந்ததாலேயே உள்ளது என்றால், அவன் இழந்ததாகச் சொல்ல நமக்கு உரிமையில்லை. இதில் நான் இரண்டாவது பக்கம். ஆனால் இந்த விவாதத்தைக் கொள்கையாகப் பேசுவதைவிட, நடப்பதைப் பார்ப்பது நல்லது.

தூக்கு ஒரு நிமிடத்தில் முடிவதில்லை. மேல்முறையீடும் மன்னிப்பு மனுவும் முடியப் பத்தாண்டுக்கு மேல் தனி அறையில் காத்திருந்தவர்கள் ஏராளம். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் இது அந்த நாளா என்று கேட்டுக்கொள்ளும் அந்த ஆண்டுகள், எந்தச் சட்டத்திலும் எழுதப்படாத தண்டனை. அது கைதியோடு நிற்பதுமில்லை. எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒரு தாய், மகனைப் பார்க்க மாதம் ஒரு முறை போன பயணங்களின் பஸ் டிக்கெட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டேன். "எத்தனை தடவை போனேன்னு அவனுக்குக் காட்டணும் தம்பி" என்றார். அந்த அம்மாள் எந்தக் குற்றமும் செய்யவில்லை.

நீதிமன்றங்களிலும் இந்தக் கருத்து பிளவுபட்டது. 2020 ஆகஸ்ட்டில் லெத்தீஷியா போஸ்மான் வழக்கில், கட்டாய மரண தண்டனை அரசமைப்புக்கு ஏற்றதே என்று எட்டு நீதிபதிகள் தீர்த்தார்கள். மாறுபட்டு எழுதிய ஒரே நீதிபதி நளினி பத்மநாதன். மூன்றாண்டுக்குள் நாடாளுமன்றம் அந்தக் கட்டாயத்தை நீக்கியது, ஆகவே அந்த ஒருவரின் தீர்ப்பு தோற்ற பக்கமாகவே நின்றுவிடவில்லை.

மக்களில் பெரும்பாலோர் ஆதரிக்கிறார்களே, அது கணக்கில்லையா?

கணக்குத்தான். ஆனால் எதை ஆதரிக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். மலேசியாவில் 1,535 பேரிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வில், கொலைக்குக் கட்டாய மரண தண்டனை வேண்டும் என்றவர்கள் 56 விழுக்காடு. அவர்களிடமே விவரங்களோடு சில கொலை வழக்குகளைக் கொடுத்து நீங்களே தண்டனை சொல்லுங்கள் என்றபோது, எல்லாவற்றுக்கும் மரணம் என்றவர்கள் அந்த 56 விழுக்காட்டினரில் 14 விழுக்காடுதான். கோப்பைத் திறந்ததும் கை தளர்கிறது. 27 ஆண்டுகள் கோப்பு திறந்தவனுக்கு இது வியப்பில்லை.

எங்கள் பையனின் தூக்கு 30 ஆண்டாகக் குறைந்துவிட்டது. அப்படியென்றால் அவன் குற்றமற்றவன் என்று நிரூபிக்க இனி வழி உண்டா?

இது ஒரு அக்காள் அண்மையில் கேட்டது. மற்ற எல்லாக் கேள்விகளையும்விடக் கடினமானது. 2023 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்த மறுபரிசீலனைச் சட்டத்தின்படி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் கூட்டரசு நீதிமன்றத்தை நாட முடிந்தது, பலருக்குத் தூக்கு விலகியது. ஆனால் அந்தச் சட்டம் தண்டனையை மட்டும் பார்க்கிறது. குற்றவாளி என்ற தீர்ப்பைத் தொடுவதில்லை. சரக்கு அவனுடையதன்று என்று அங்கு வாதாட முடியாது. வயது, உடல்நிலை, சிறையில் நடந்துகொண்ட விதம், குற்றத்தின் தன்மை ஆகியவைதான் பேசப்படும்.

தீர்ப்பையே திறக்கக் கூட்டரசு நீதிமன்றத்தின் மறுஆய்வு அதிகாரம் இருக்கிறது, மிகக் குறுகிய கதவு. ஏற்கெனவே பேசி முடித்த வாதத்தை மறுபடி கேட்க அது திறக்காது. மற்றது மன்னிப்பு மனு. பேராக்கில் நடந்த குற்றம் என்றால் அது மன்னிப்பு வாரியத்தின் வழியாகப் பேராக் சுல்தானுக்குப் போகும். மலாயில், எளிய வாக்கியங்களில் எழுதினால் போதும். மனுவோடு வைக்க வேண்டியவை, நான் அந்த அக்காளுக்குச் சொன்னபடி, பழைய தீர்ப்பின் நகல், பையன் முதல் நாள் கொடுத்த வாக்குமூலம், அவன் பிடிபட்ட மோட்டாரின் உரிமை அட்டையின் நகல். கடைசியாகச் சொன்னது அவர்களிடம் இல்லை. ஜேபிஜே என்ற சாலைப் போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் உரிமையாளரின் பெயரைக் கேட்டு எழுத அடுத்த செவ்வாய் அவரோடு ஈப்போவுக்குப் போகிறேன்.